போட்டி யூனிட்டோடு பகிர்ந்துகொண்ட ஒரு லட்சத்து எட்டாயிரம் பனியன்

திருப்பூரில் மூன்று தையல் லைன் ஓடும் ஒரு சிறிய ஏற்றுமதி யூனிட்டில் நான் பங்குதாரர். இது எங்களுக்கு வந்த ஒரு ஆர்டரின் கதை. பையர், அவர் சார்பில் இங்கே ஆர்டர் வைக்கும் ஏஜென்சி, போட்டி யூனிட் மூன்றின் பெயரையும் விட்டுவிடுகிறேன். கணக்கையும் ஒப்பந்தத்தில் எழுதிய விஷயங்களையும் மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆர்டர் எளிமையானது. ஆண்களுக்கான வட்டக்கழுத்து டி-ஷர்ட், 30ஸ் கோம்டு பருத்தி, சிங்கிள் ஜெர்சி, 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். கருநீலம் 48,000, சாம்பல் மெலாஞ்ச் 36,000, வெள்ளை 24,000. மொத்தம் 1,08,000 பீஸ். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பேக்டிங் முடித்துத் துணி கைக்கு வந்த பிறகு தைப்பதற்கு எங்களுக்கு மிஞ்சிய காலம் 32 வேலை நாள்.

எங்கள் லைன் ஒன்று இந்த ரகத்தில் நாளைக்கு 900 பீஸ் தரும். இரண்டு லைன் 32 நாளும் ஓடினால் 57,600. மூன்றாவது லைனில் பழைய ஆர்டர் ஒன்று முதல் 12 நாளைத் தின்றுவிடும். மீதி 20 நாளில் 18,000. ஆக 75,600. எப்படித் திருப்பிப் போட்டாலும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் இடித்தது. இரவு ஷிப்ட் போடலாம் என்றார் என் பங்காளி. டைலர் கிடைக்க வேண்டுமே! ஒன்றரை ஷிப்டுக்கு மேல் உட்கார வைத்தால் மூன்றாவது வாரமே ஆள் குறையும், பிசிறும் ஆல்டரேஷனும் ஏறும். அதை முன்பே ஒரு முறை பட்டிருக்கிறோம்.

சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். இந்தப் பையரிடம் அது நடக்காது. ஆடை தைக்கும் ஒவ்வொரு இடமும் அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் நிலைமையைப் பார்த்துத் தரும், காலாவதியாகாத சமூகத் தணிக்கை அறிக்கை வேண்டும். சொல்லாமல் வெளியே கொடுத்தது தெரிந்தால் ஆர்டரையே ரத்து செய்யலாம் என்று அவர்களுடைய நிபந்தனைத் தாளிலேயே இருந்தது. எங்களைப் போலவே தணிக்கை முடித்து, இதே ரகத்தைத் தைத்துப் பழகி, அந்த மாதத்தில் இரண்டு லைனாவது சும்மா வைத்திருக்கும் இடம் வேண்டும். அப்படிப் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஒரு யூனிட். எங்களிடமிருந்து இரண்டு கிலோமீட்டர். மூன்று வருடமாக ஒரே ஏஜென்சிகளின் வாசலில் எங்களோடு விலைக்கு மல்லுக்கட்டும் யூனிட்.

யாரிடம் முதலில் சொல்வது

இதில்தான் நாங்கள் அதிக நேரம் யோசித்தோம். பையரிடம் போட்டியாளரின் பெயரை முதலில் சொன்னால், பாதி ஆர்டரை அவரே நேராக அங்கே வைத்துவிடலாம். போட்டியாளரிடம் பையரின் பெயரை முதலில் சொன்னால், அவர் அன்று மாலையே ஏஜென்சிக்கு போன் செய்யலாம். இரண்டு பக்கமும் பெயரில்லாமல் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தோம்.

ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டோம். "ஒரு நிறத்தை முழுமையாக, தணிக்கை முடித்த இன்னொரு யூனிட்டில் தைக்கலாமா? துணி, லேபிள், நூல் எல்லாம் எங்கள் பொறுப்பு. நீங்கள் அனுமதித்தால் முகவரியும் தணிக்கை அறிக்கையும் தருகிறோம்." மூன்று நாளில் கொள்கையளவில் சரி என்று பதில் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த யூனிட்டில் முதல் 300 பீஸ் தைத்தவுடன் அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார்.

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் போட்டி யூனிட் முதலாளியான அண்ணாவைப் பார்க்கப் போனேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கட்டிங் மாஸ்டராக இருந்து முதலாளி ஆனவர். டீ வந்தது. ரகத்தையும் எண்ணிக்கையையும் நாளையும் மட்டும் சொன்னேன்.

"பையர் யாருங் தம்பி?"

"அதை ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு சொல்றனுங்ண்ணா."

சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் உங்களுக்கு ஜாப் ஒர்க் பண்றவன் ஆயிடறேன். நாளைக்கு ஏஜென்சில போய் 'அவரு எங்க ஜாப் ஒர்க் யூனிட்'டுனு சொன்னா எனக்கு என்ன மரியாதை?"

ரேட்டைப் பற்றி நூறு கேள்விக்குத் தயாராகிப் போயிருந்தேன், இதற்கு இல்லை. போட்டியாளரிடம் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொண்டு போவது நல்லது. அன்று இரண்டு விஷயம் ஒத்துக்கொண்டேன். பையரின் பட்டியலில் அவருடைய யூனிட் சொந்தப் பெயரில், உற்பத்தி யூனிட் என்றே பதிவாகும். அடுத்த ஒரு வருடத்துக்குள் அவருக்கு இப்படி ஒரு பெரிய ஆர்டர் வந்தால், எங்களுடைய இரண்டு லைனை இதே முறையில் கணக்கிட்ட ரேட்டுக்கு முதலில் அவர் கேட்கலாம். இரண்டாவதைச் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

நிறத்தால் பிரித்தது ஏன்

சைஸ் வாரியாகப் பிரிக்கலாம், மூன்று நிறத்திலும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனைகளும் வந்தன. பாதிப் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரே நிறம் இரண்டு கட்டிங் டேபிளில், இரண்டு அயர்ன் டேபிளில் போனால் கடையின் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பனியன் இரண்டு விதமாகத் தெரியும். நிறம் லேசாக மாறியிருக்கும், நீளம் அரை சென்டிமீட்டர் மாறியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பாஸ். சேர்த்து வைத்தால் புகார்.

இன்னொரு காரணம் பஞ்சு. கருநீலத்தைத் தைக்கும் லைனில் ஓவர்லாக் கத்தி வெட்டும்போது நுண்ணிய நீலத் தூசி பறக்கும். அதே கூரைக்குக் கீழே வெள்ளையைத் தைத்தால் தோள் தையலுக்குள் ஒரு நீல இழை போய் மாட்டிக்கொள்ளும். பிறகு ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே கருநீலம் 48,000 முழுக்க அவருக்கு, வெள்ளையும் மெலாஞ்சும் சேர்ந்து 60,000 எங்களுக்கு. அவர் இரண்டு லைனில் 3 சதவீதம் கூடுதல் கட்டிங்கோடு 49,440 பீஸ் தைக்க இருபத்தெட்டு நாள் போதும். நான்கு நாள் கையிருப்பு. எங்களிடமும் பதின்மூன்றாயிரம் பீஸ் தைக்கும் அளவுக்கு இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டோம். அதற்கான காரணம் பின்னால் வரும்.

ரேட்டும் பணமும்

துணி வாங்கி அவரே தைத்து எங்களுக்கு விற்பது ஒரு வழி. துணியை நாங்கள் கொடுத்து, கட்டிங் முதல் பேக்கிங் வரை அவர் செய்வது இன்னொரு வழி. இரண்டாவதை எடுத்தோம். கருநீலத் துணி ஒன்பதரை டன். அதற்கான பணத்தை அவர் போட வேண்டாம். துணியின் தரமும் ஒரே கையில் இருக்கும். அதே சமயம் துணியில் வரும் ஒவ்வொரு குறையும் எங்கள் தலையில்தான் விடியும். கையெழுத்துப் போட்ட அன்று அதன் கனம் எனக்கு முழுசாகப் புரியவில்லை.

பீஸுக்கு 34 ரூபாய் கேட்டார், நான் 27 சொன்னேன். இப்படியே போனால் நடுவில் எங்கோ நின்று இரண்டு பேருக்கும் மனக்குறைதான் மிஞ்சும். அதனால் பேரத்தை விட்டுவிட்டு லைன் செலவைப் பார்த்தோம். டைலர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங், கட்டிங் பங்கு, கரண்ட், வாடகை எல்லாம் சேர்த்து ஒரு லைனுக்கு நாளைக்கு 22,000 ரூபாய் என்று அவர் காட்டினார். எங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அதை 900-ஆல் வகுத்தால் 24 ரூபாய் 44 காசு. மேலே 15 சதவீதம் வைத்தால் 28. அதோடு கடைசி ஆய்வு முதல் தடவையிலேயே பாஸாகி, சொன்ன தேதியில் சரக்கு கிளம்பினால் பீஸுக்கு இன்னும் 2 ரூபாய். பையர் எங்களுக்குத் தரும் விலையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேறு ஆர்டர்களுக்கு யார் என்ன விலை சொல்வது என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று எங்கள் ஆடிட்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு ஆர்டரைச் சேர்ந்து தைப்பது வேறு. போட்டியாளர்கள் உட்கார்ந்து விலை பேசி வைத்துக்கொள்வது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு விரோதம்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். அதனால் மாதக் கடைசியில் பில் என்பது சரிப்படாது. அந்த வாரம் செக்கிங்கில் பாஸான பீஸுக்கு 60 சதவீதம் வெள்ளிக்கிழமையே போய்விடும். கடைசி ஆய்வு முடிந்ததும் 30. மீதி 10 சதவீதத்தைப் பையரிடமிருந்து புகார் ஏதும் வருகிறதா என்று பார்த்து மூன்று மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்றுதான் நான் எழுதியிருந்தேன். ஆடிட்டர் அதை அடித்தார். அண்ணாவுடையது பதிவு பெற்ற சிறு நிறுவனம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வட்டி, ஆண்டுக் கடைசியில் பாக்கி நின்றால் வருமான வரியில் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகவும் காட்ட முடியாது. பையரின் புகாரோ 45 நாளுக்குள் வரும் என்று எந்த நிச்சயமும் இல்லை. ஆகவே பணத்தைப் பிடித்துவைத்துப் பாதுகாப்புத் தேடும் யோசனை போனது. புகார் வந்தால் அதை யார் ஏற்பது என்று தனியாக எழுதிக்கொள்வது என்றானது.

அதற்கு வழி வாஷ்கேர் லேபிளில் கிடைத்தது. லேபிளின் கீழ் மூலையில் எங்கள் பீஸுக்கு 1, அவருடையதற்கு 2 என்று பொடி எண் அச்சடித்தோம். ஏஜென்சியிடம் சொல்லி அனுமதியும் வாங்கினோம். தையல், கட்டிங், பேக்கிங் குறை என்றால் எண்ணுக்குரியவர் ஏற்க வேண்டும். சாயம் போவது, சுருங்குவது, ஜிஎஸ்எம் குறைவது எல்லாம் எந்த எண்ணாக இருந்தாலும் எங்களுடையது. யாருடையது என்றே தெரியாத புகாரை 5:4 என்று பிரித்துக்கொள்வது. அது பீஸ் கணக்கின் விகிதம்.

துணி போகும்போது டெலிவரி சலான், தைத்துக் கொடுத்ததற்கு 5 சதவீத ஜிஎஸ்டியோடு ஜாப் ஒர்க் பில், பில்லில் டிடிஎஸ் பிடித்தம். இவற்றை ஆடிட்டர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

தரத்துக்குப் போட்ட வேலிகள்

எங்கள் தாளில் தரத்துக்கு என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதில் மூன்று விஷயம்தான் உண்மையில் வேலை செய்தது.

முதலாவது, ஒரே பேட்டர்ன். அவரிடம் வட்டக்கழுத்துக்கு அருமையான சொந்தப் பேட்டர்ன் இருந்தது. அதை ஓரமாக வைக்கச் சொல்லி துணியில் எதை எங்கே வெட்டுவது என்று காட்டும் எங்கள் மார்க்கரைக் கொடுத்தோம். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளில் இரண்டை சீல் வைத்து ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டோம். தையல் நூல் ஒரே லாட், அங்குலத்துக்கு 12 தையல், கழுத்து ரிப் உடம்புத் துணியோடு ஒரே சாய லாட்டில்.

இரண்டாவது, லாட் கலக்காமல் இருப்பது. கருநீலத்தை 500 கிலோ லாட்டாக, ஒரே சாயப்பட்டறையில் போட்டோம். கிட்டத்தட்ட இருபது லாட். எத்தனை கவனமாகப் போட்டாலும் இருபது லாட்டும் அச்சு அசலாக ஒன்றாக வராது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கைத்துண்டு வெட்டி, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்திலும் கடை விளக்கு வெளிச்சத்திலும் பார்த்து ஏ, பி, சி என்று மூன்று கூட்டமாகப் பிரித்தோம். கட்டிங்கிலிருந்து கார்ட்டன் வரை ஒரு லாட் இன்னொன்றோடு சேரக் கூடாது. கார்ட்டன் மேல் லாட் எண் இருக்கும். ஒரு கார்ட்டனைத் திறந்து இரண்டு லாட் தெரிந்தால் அன்றைய பேக்கிங் முழுவதையும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, செக்கர் மாற்று. எங்கள் செக்கர் ஒருவர் அவருடைய யூனிட்டில், அவருடைய செக்கர் ஒருவர் எங்கள் யூனிட்டில். இதை அவர்தான் கேட்டார். "உங்க ஆளு மட்டும் இங்க உட்கார்ந்தா அது காவல். எங்க ஆளும் அங்க உட்கார்ந்தா அது வேலை." ஒவ்வொரு மூன்று நாள் உற்பத்தியும் ஒரு தொகுதி, ஏறக்குறைய 5,400 பீஸ். எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை ஏற்பது என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 அட்டவணைப்படி அதில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 10 வரை இருந்தால் தொகுதி பாஸ், 11 ஆனால் முழுத் தொகுதியும் மறுபடி செக்கிங். கடைசியில் மொத்தமாக ஒரு ஆய்வு என்று விட்டுவிட்டால் குறை தெரியும்போது முப்பதாயிரம் பீஸ் பேக்காகி நிற்கும். அப்போது தெரிந்து என்ன பயன்?

எழுதத் தயங்கி எழுதிய ஒன்று கழிவும் மிச்சமும். கூடுதலாகக் கட்டிங் போட்டதில் மிஞ்சும் பீஸும், ரிஜெக்ட்டும் லேபிளோடு ஏற்றுமதி மிச்சம் விற்கும் காதர்பேட்டைக்குப் போய்விட்டால் பையரிடம் பதில் சொல்ல முடியாது. ரிஜெக்ட்டில் லேபிளை வெட்டி, எண்ணி, எங்களுக்குத் திருப்ப வேண்டும். கட்டிங் வேஸ்ட் அவருக்கே. கிலோ கணக்கில் அதை விற்று வரும் காசு பெரிதில்லை. ஆனால் அதைக் கேட்டிருந்தால் அண்ணாவின் முகம் மாறியிருக்கும் என்று தோன்றியது.

காலியாக விட்ட இடத்துக்கு வருகிறேன். தையல் ஆரம்பித்த பன்னிரண்டாவது நாளில் அவரிடம் 17,000 பீஸ் பேக்காகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தாயிரம் பீஸுக்கான துணியைத் திரும்ப எடுத்து நாங்கள் தைத்துக்கொள்ளலாம். அபராதம் எதுவும் இல்லை. இதற்கு எதிராக அவரும் ஒன்று எழுதச் சொன்னார்: எங்கள் துணி தாமதித்து அவருடைய லைன் நின்றால், ஒரு லைனுக்கு நாளைக்கு 12,000 ரூபாய். டைலர் பீஸ் ரேட்டில் இருப்பவர். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்தால் மூன்றாம் நாள் பக்கத்துக் கம்பெனியில் இருப்பார். அதனால் அந்தத் தொகையை அவர்களுக்கே கொடுத்து உட்கார வைக்க வேண்டும் என்றார். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். நான்தான் முதலில் மாட்டப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

பதின்மூன்றாவது லாட்

முதல் 300 பீஸ் பாஸ். பன்னிரண்டாம் நாள் கணக்கு 17,900. சரி, ஓடிவிடும் என்று நினைத்தோம்.

பதின்மூன்றாவது லாட் லேசாகச் சிவப்பு அடித்தது. பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை. கடை விளக்கில் வைத்தால் ஏ, பி, சி எந்தக் கூட்டத்திலும் உட்காரவில்லை. திருப்பி அனுப்பினோம். சாயப்பட்டறையில் மறுபடி போட உடனே இடமில்லை. 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் திறந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் அளவுக்குத்தான் அவர்கள் லாட் ஓட்ட முடியும். அவசரம் என்று கெஞ்சினாலும் வரிசை வரிசைதான். பதினான்காவது லாட்டும் பின்னால் தள்ளிப்போனது. அண்ணாவின் இரண்டு லைனும் இரண்டு நாள் நின்றன. 48,000 ரூபாய். வெள்ளிக்கிழமைப் பணத்தோடு சேர்த்துப் போட்டோம். அவர் கேட்கவில்லை. நாங்களாகப் போட்டோம். கேட்ட பிறகு போட்டிருந்தால் அதற்கு வேறு அர்த்தம் ஆகியிருக்கும்.

பிரச்சினை அங்கே முடியவில்லை. பதினான்காவது லாட் வந்து சேர்ந்தது ஒரு மாலை ஆறு மணிக்கு. மறுநாள் மதியம் எங்கள் செக்கர் போன் செய்தார். "எம் சைஸ் நீளம் குறையுதுங்க." எம் சைஸ் உடம்பு நீளம் 70 சென்டிமீட்டர், மேலும் கீழும் 1 சென்டிமீட்டர் சலுகை. அயர்ன் ஆன பீஸ் 68.4 காட்டியது. அயர்ன் டேபிளுக்கு முன்னால் அளந்தால் 69.5. நீராவி பட்டவுடன் சுருங்கியிருக்கிறது.

அண்ணா சொன்னார், துணியில் சுருக்கம் அதிகம், காம்பேக்டிங் சரியில்லை. அப்படியென்றால் குறை எங்களுடையது. எங்கள் செக்கர் சொன்னார், துணியை ஆறப் போடாமல் வெட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவருடையது. நிட் துணி ரோலாகச் சுற்றும்போது இழுபடும். விரித்து 24 மணி நேரம் மடிப்பாகப் போட்டு வைத்தால் இழுப்பு விட்டுத் தன் நீளத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்பே லே போட்டு, அதாவது டேபிளில் அடுக்கடுக்காக விரித்து வெட்டினால் இழுத்த நீளத்தை அளந்து வெட்டியதாக ஆகும். தாளில் இந்த 24 மணி நேரம் எழுதியிருந்தது.

வாக்குவாதத்தை நிறுத்தியது ஒரு ரோல். அதே லாட்டில் வெட்டாத ரோல் ஒன்றை எடுத்து, விரித்தவுடன் ஒரு மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு அப்படியே விட்டோம். மறுநாள் அளந்தால் கோடுகளுக்கு நடுவில் 97.8 சென்டிமீட்டர். ஆறிய துணியில் ஒரு துண்டைத் துவைத்துப் பார்த்தால் சுருக்கம் பையரின் வரம்புக்குள்தான். துணி சரி. ஆறப் போடாததுதான் காரணம்.

அண்ணா கட்டிங் டேபிளில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கோடுகளையே பார்த்தார். கட்டிங் மாஸ்டராக இருந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. "இருபத்தி நாலு மணி நேரம் போட்டிருந்தா மூணாவது நாளும் லைன் நின்றிருக்கும் தம்பி. நின்னா டைலர் போயிருப்பான். ராத்திரி பத்து மணிக்கு நான்தான் லே போடச் சொன்னேன்."

தாளின்படி முழுவதும் அவர் கணக்கு. ஆனால் துணி தாமதித்தது என்னால். தையலுக்குப் போகாத 640 பீஸ் கட்டிங்கை எஸ் சைஸுக்கு மறுபடி வெட்டினோம். எஸ் சைஸுக்கு என்று வைத்திருந்த துணி எம் சைஸுக்குப் போனது. தைத்து முடிந்த 430 பீஸ் கழிந்தது. 3 சதவீதக் கூடுதல் கட்டிங்கில் அது அடங்கிவிட்டதால் எண்ணிக்கை குறையவில்லை. கழிந்த பீஸின் துணி விலையையும் தையல் கூலியையும் பாதிப் பாதி என்று முடித்துக்கொண்டோம். என் பங்காளிக்கு அதில் இன்றும் வருத்தம். ஒப்பந்தத்தில் இல்லாததை ஏன் கொடுத்தாய் என்பார். எனக்கு அன்று மீதி ஆறு லாட் அவருடைய டேபிளில் இருந்தது.

அன்றிலிருந்து துணி ஏற்றிய வண்டி எங்கள் வாசலை விட்ட நேரத்தையும், ரோல் விரித்த நேரத்தையும் ரோல் கார்டிலேயே எழுதினோம். அந்த இரண்டு நேரமும் இல்லாத ரோலைக் கட்டிங் மாஸ்டர் தொடக் கூடாது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்று தாளில் எழுதியிருந்ததைக் கட்டிங் டேபிளில் நின்ற ஒருவரும் படித்திருக்கவில்லை.

கப்பலுக்குப் பிறகு

அவருடைய தையல் முப்பத்தோராவது நாள் முடிந்தது. கடைசி ஆய்வில் 48,000 கருநீலத்துக்கு 500 பீஸ் எடுத்தார்கள். 21 வரை அனுமதி, பெரிய குறை 13. எங்கள் மெலாஞ்சில் 17. செக்கர் மாற்றியதில் எங்கள் யூனிட்டுக்கு வந்த அவருடைய ஆள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது. சரக்கு சொன்ன தேதியில் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. அண்ணாவுக்குப் பீஸுக்கு இரண்டு ரூபாயும் போய்ச் சேர்ந்தது.

நூறு நாள் கழித்து ஒரு புகார் வந்தது. கழுத்துத் தையல் விட்டுப்போனது, இருபத்திரண்டு பீஸ், படங்களோடு. லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் 1.

ஒப்பந்தத்தில் எங்களுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதை ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்தோம். "இந்தப் பையரிடம் 18 மாதத்துக்கு நேரடியாக ஆர்டர் எடுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தோம். அதற்கு மேல் அகலமாக எழுத வேண்டாம் என்றவர் எங்கள் வக்கீல். வியாபாரத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது; வேலை முடிந்த பிறகும் நீளும் தடை நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். ஆகையால் எழுதியதே ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்குக்கு ஒரு தாள் மாதிரிதான். அண்ணா அதை மீறவில்லை. ஆனால் அந்த ஆய்வுக்கு வந்த ஏஜென்சி ஆளுக்கு அவருடைய யூனிட் பிடித்துப்போய், அவர்கள் கையாளும் இன்னொரு பையரின் ஆர்டரை அங்கே வைத்தார்கள். அதே ஆர்டருக்கு நாங்களும் விலை கொடுத்திருந்தோம்.

எனக்கு விஷயம் தெரிந்த அன்று அவரே போன் செய்தார். "தாளை எடுத்துப் பாருங் தம்பி, அதில ஏஜென்சி இல்ல." எடுத்துப் பார்த்தேன். இல்லை. "எண்பதாயிரம் பீஸ் இருக்குது. என்னால அறுபதுதான் முடியும். உங்க மூணாவது லைன் எப்பக் காலி?"

ரேட்டை எப்படிக் கணக்கிடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த முறை 24 மணி நேரத்தைக் கார்டில் எழுதச் சொல்லி முதலில் கேட்டது அவர்.